ஆறு மாதக் கெடுவை பன்னிரண்டு வாரத்தில் கணிப்பது

எண்ணெயில் பொரித்த சிப்ஸ் எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? உணவுப் பொதியியல் மாணவர்களுக்குத் தரப்படும் பயிற்சிக் கணக்கு இது. ஆறு மாதம் காத்திருக்காமல், பாக்கெட்டுகளை 40, 50 டிகிரி செல்சியஸ் அறைகளில் வைத்து, எண்ணெய் காறுவதைப் பெராக்சைடு அளவால் கவனிப்பார்கள். 40 டிகிரியில் 84 நாளிலும், 50 டிகிரியில் 42 நாளிலும் அது வரம்பைத் தொட்டதாக வைத்துக்கொள்வோம். பத்து டிகிரி கூடினால் கெடும் வேகம் இரட்டிப்பாகிறது. இந்த 2 என்ற விகிதமே Q10. அப்படியானால் 30 டிகிரியில் 84 × 2 = 168 நாள்.

ஒரே வெப்பநிலையில் சோதித்துவிட்டு Q10-ஐ ஊகிப்பதுதான் பெரிய பிழை. 50 டிகிரியின் 42 நாளை வைத்து, விகிதம் 3 என்று எடுத்தால், 42 × 3 × 3 = 378 நாள் என்று வரும். காறிய சிப்ஸ் கடையில் கிடக்கும்!

இன்னொன்று: மழைக்காலத்தில் உறை வழியே ஈரம் புகுந்து, காறும் முன்பே சிப்ஸ் நமுத்துப்போகலாம். உலர்ந்த சூட்டறை அதைக் காட்டாது. ஆகவே ஈரப்பதத்தையும் கட்டுப்படுத்திச் சோதியுங்கள். சாதாரண வெப்பநிலையிலும் சில பாக்கெட்டுகளை வைத்து, கணக்கைச் சரிபாருங்கள்.