பறிக்க வரும் வாடிக்கையாளர்

விளைச்சலை நேரடியாக விற்க நினைக்கும் விவசாயிக்கு நான் முதலில் தரும் புத்தகம், அமெரிக்காவின் அலபாமாவில் டஸ்கிகி கல்லூரிப் பேராசிரியராக இருந்த புக்கர் வாட்லி 1987இல் வெளியிட்டது. இருபத்தைந்து ஏக்கரில் லட்சம் டாலர் ஈட்டும் வழியைச் சொல்கிறது.

அவர் விதைக்கும் முன்பே வாடிக்கையாளரைச் சேர்க்கச் சொல்கிறார். குடும்பங்கள் ஆண்டுச் சந்தா கட்டி, தோட்டத்துக்கு வந்து தாங்களே பறித்து, கடை விலையைவிடக் குறைவாக வாங்கும். ஆயிரம் குடும்பம் ஆளுக்கு 25 டாலர் கட்டினால், அறுவடைக்கு முன்பே 25,000 டாலர் கையில். பறிகூலியும் மிச்சம்.

ஆனால் தோட்டம் நல்ல சாலையோரம், ஊருக்கு நாற்பது மைலுக்குள் இருக்கவேண்டும். ஒரே பயிரை நம்பினால் பருவம் முடிந்ததும் வருகை நின்றுவிடும். அதனால்தான் மாதந்தோறும் பறிக்க ஏதாவது இருக்கும்படி பல பயிர்களை வைக்கச் சொல்கிறார். மறு ஆண்டு எத்தனை பேர் சந்தாவைப் புதுப்பிக்கிறார்கள் என்று பாருங்கள், கோளாறு முதலில் அங்கேதான் தெரியும்.