சாயல் பார்த்துச் சேர்க்கும் வடிகட்டி

விளக்கு மங்கிய தெருவில் இரவு நேரத்தில் ஒரு செங்கல் சுவரைக் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே நிறமாக இருக்க வேண்டிய செங்கல்மேல் யாரோ ரவையைத் தூவியது போலிருக்கும். சென்சாரில் விழுந்த ஒளி குறைவு என்பதால் ஒவ்வொரு பிக்சலும் தன் உண்மையான அளவைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது. இதற்குப் பெயர் இரைச்சல்.

இதைக் குறைக்கப் பழைய வழி சராசரி. ஒரே அளவைக் காட்ட வேண்டிய 16 பிக்சல்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் பிழை கால்பங்காகிவிடும். ஆனால் எந்தப் பிக்சலை எதோடு சேர்ப்பது? அக்கம்பக்கத்தில் இருப்பதையெல்லாம் சேர்த்தால் செங்கல்லும் சாந்தும் கலந்து, நடுவிலுள்ள கோடு மங்கிப்போகும்.

2005-இல் அந்தோனி புவாதெஸ், பார்தொமெயு கோல், ழான்-மிஷேல் மோரெல் ஆகிய மூவரும் வேறு யோசனை சொன்னார்கள். பக்கத்தில் இருப்பவரை விடுங்கள், சாயல் ஒத்தவரைத் தேடுங்கள் என்பதே அது. ‘நான்-லோக்கல் மீன்ஸ்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். சாயலை ஒற்றைப் பிக்சலை வைத்து முடிவுசெய்யாமல், அதைச் சுற்றியுள்ள சிறு சதுரத் துண்டை வைத்து முடிவுசெய்வதுதான் இதன் உயிர்நாடி.

ஏன் துண்டு? செங்கல்லின் உண்மையான அளவு 100, சாந்தின் அளவு 130, இரைச்சல் 20 என்று வைத்துக்கொள்வோம். சாந்துப் பட்டை நல்ல அகலம். ஒரே செங்கல்லில் இரண்டு பிக்சலை எடுத்தாலே அவற்றுக்கிடையே 28 அளவுக்கு வேறுபாடு வருவது சகஜம். செங்கல்லுக்கும் சாந்துக்கும் உள்ள உண்மையான வேறுபாடே 30தான். ஒற்றைப் பிக்சலை வைத்து இது உறவா அந்நியமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது 7×7 துண்டுகளை, அதாவது 49 பிக்சல்களை, ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒப்பிடுவோம். வேறுபாடுகளை வர்க்கமாக்கிச் சராசரி எடுத்தால், செங்கல்லும் செங்கல்லுமாக இருந்தால் 800 வரும். 160 போல முன்பின் ஆடும். செங்கல்லும் சாந்துமாக இருந்தால் 1,700-ஐ ஒட்டி வரும். இனிக் குழப்பம் இல்லை. சாந்துக் கோட்டின் விளிம்பில் இருக்கும் துண்டும் இதே முறையில் அதே கோட்டின் மற்ற விளிம்புத் துண்டுகளைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. கோடு கூர்மையாகவே நிற்பது அதனால்தான்.

படம் முழுக்கத் தேடலாம் என்பதுதான் மூல யோசனை. நடைமுறையில் அது கட்டுபடியாகாது. அதனால் ஒவ்வொரு பிக்சலையும் சுற்றி 21×21 அளவில் ஒரு தேடல் சாளரம் போடுவது வழக்கம். அதிலேயே 441 துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் 49 ஒப்பீடுகள். பத்து லட்சம் பிக்சல் உள்ள படத்துக்குச் சுமார் 2,160 கோடி ஒப்பீடுகள். சாளரத்தைப் பெரிதாக்கினால் நேரம் மட்டுமா கூடுகிறது? அரைகுறைச் சாயல் உள்ள துண்டுகளும் கூட்டமாக வந்துசேரும். தனித்தனியே அவற்றின் எடை சிறிது; மொத்தமாகச் சேர்ந்தால் படத்தை மழுங்கடிக்கப் போதும். பெயரில் ‘லோக்கல் இல்லை’ என்று இருந்தாலும் இது பெரும்பாலும் பேட்டைக்குள்ளேதான் சுற்றுகிறது.

அந்த எடையைத் தீர்மானிப்பது `h` என்ற வடிகட்டும் வலு. இரைச்சலால் மட்டுமே வரக்கூடிய 800-ஐக் கழித்துவிட்டு, மிச்சத்தை `h`-இன் வர்க்கத்தால் வகுத்து எடை போடுவது ஒரு முறை:

```
w = exp(-max(d - 800, 0) / h²)
```

உண்மையான உறவே ஆனாலும் கொஞ்சம் ஆடி 960 காட்டும் ஒரு செங்கல் துண்டையும், 1,700 காட்டும் சாந்துத் துண்டையும் எடுத்துக்கொள்வோம். `h` 15 என்றால் செங்கல்லுக்கு எடை 0.49, சாந்துக்கு 0.02. சரியான பங்கீடு. `h`-ஐ 30 ஆக்கினால் சாந்துக்கு 0.37 போய்விடுகிறது, கோடு கரைகிறது, முகப்படமானால் தோல் மெழுகாகிறது. 8 ஆகக் குறைத்தால் சொந்தச் செங்கல்லுக்கே 0.08தான், சேர ஆளில்லாமல் ரவை அப்படியே கிடக்கும்.

ஓப்பன்-சிவியின் `fastNlMeansDenoising` கட்டளையில் துண்டு 7, சாளரம் 21, `h` 3 என்பவை முன்னிருப்பு அளவுகள். அங்கே எடை போடும் கணக்கு வேறு என்பதால் மேலே சொன்ன 15-ஐ அப்படியே கொண்டுபோய்ப் போடக் கூடாது.

`h` அதிகமாகிவிட்டதா என்று சோதிக்க ஓர் எளிய வழியையும் அந்த மூவரே கொடுத்தார்கள். மூலப்படத்திலிருந்து சுத்தமான படத்தைக் கழித்து, மிஞ்சியதைப் பார்ப்பது. அது வெறும் ரவையாக இருந்தால் நல்லது. அதில் செங்கல்லின் கோடுகள் தெரிந்தால், இரைச்சலோடு சேர்த்துப் படத்தையும் வடித்துக் கொட்டியிருக்கிறோம்.

சுவரில் எங்கோ ஓர் ஆணி அடித்திருந்தால் மட்டும் இந்த முறை திணறும். ஆணிக்குச் சாயல் ஒத்த துண்டு சாளரத்தில் வேறெங்கும் இருக்காது. அதனால் சுவர் முழுக்க வழவழப்பாக, ஆணியைச் சுற்றி மட்டும் ரவை ஒரு வளையமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.