ஒரு கீறலில் போகும் வலிமை

50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. சுவரும் உள்ள எஃகுக் குழாயைக் கையால் முறுக்கினால் அசையாது. அதே குழாயை நீளவாக்கில் ஒரு கோடாக அறுத்துவிட்டால் எளிதாக முறுகும். எடையில் மாற்றமே இல்லை. ஆனால் முறுக்கத்தை எதிர்க்கும் விறைப்பு ஏறத்தாழ 470 மடங்கு குறைந்துவிடுகிறது.

காரணம், உள்ளே தகைவு ஓடும் பாதை. மூடிய குழாயில் அது சுவர் வழியே ஒரே திசையில் முழுச் சுற்று வருகிறது. மையத்திலிருந்து 25 மி.மீ. தள்ளி இருப்பதால் அதற்கு நல்ல நெம்புகோல் நீளம் கிடைக்கிறது. அறுத்த குழாயில் சுற்று அறுபட்டுவிடுகிறது. தகைவு சுவரின் வெளிமுகத்தில் போய், உள்முகத்தில் திரும்ப வேண்டும். இரண்டுக்கும் இடையே இருப்பது 2 மி.மீ.க்கும் குறைவு.

ஆக, அறுத்த குழாய் 157 மி.மீ. அகலமுள்ள தட்டைப் பட்டை போலவே நடந்துகொள்கிறது. அதே முறுக்கு விசைக்கு அதில் எழும் தகைவும் சுமார் 37 மடங்கு அதிகம்.

இதைக் கண்ணாலும் பார்க்கலாம்: முறுக்கும்போது அறுத்த விளிம்புகள் இரண்டும் நீளவாக்கில் ஒன்றையொன்று உரசி நகரும். அந்த நகர்வைத் தடுக்கும்படி விளிம்புகளை முழு நீளத்துக்கும் பற்றவைத்தால் இழந்த விறைப்பு திரும்பிவிடும்.

வாகனங்களின் சுழல்தண்டுக் குழாயில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தால், அதை உடனே மாற்றிவிட வேண்டும்.