ஏழரை மாதச் சட்டம் 14 ஆண்டு வாழ்ந்த கதை

பீகாரில் கரும்பு வாங்குவதையும் விற்பதையும் முறைப்படுத்த ஓர் அவசரச் சட்டம் இருந்தது. பெயர்தான் அவசரம். ஒரு முறைகூடச் சட்டமன்றத்தில் சட்டமாக நிறைவேறாமல் கிட்டத்தட்ட 14 ஆண்டுகள் அது அமலில் இருந்தது.

சட்டமன்றம் கூடாத காலத்தில் உடனடி நடவடிக்கை தேவைப்பட்டால் அவசரச் சட்டம் பிறப்பிக்க அரசியலமைப்பின் 213ஆவது பிரிவு ஆளுநருக்கு அதிகாரம் தருகிறது. மத்தியில் இதே அதிகாரம் 123ஆவது பிரிவின்கீழ் குடியரசுத் தலைவருக்கு. கையெழுத்து அவர்களுடையது; முடிவு அமைச்சரவையுடையது. அவை மறுபடி கூடியதும் அவசரச் சட்டத்தை அங்கே வைக்க வேண்டும். கூடிய நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் முறையான சட்டமாக நிறைவேறாவிட்டால் காலாவதியாகிவிடும். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்பதால், ஓர் அவசரச் சட்டத்தின் அதிகபட்ச ஆயுள் ஏறத்தாழ ஏழரை மாதம்.

பீகார் அரசு இந்தக் கணக்கில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தது. காலாவதியாகும் நாளுக்குக் காத்திருக்காமல், கூட்டத்தொடர் முடிந்த கையோடு அதே அவசரச் சட்டத்தைப் புதிதுபோல மறுபடி பிறப்பித்துவிட்டால்? கடிகாரம் மீண்டும் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை, எதிர்க்கட்சியின் கேள்வி இல்லை.

புனேயின் கோகலே நிறுவனத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த டி.சி. வாத்வா, பீகாரின் நில உரிமை முறைகளை ஆராயப்போன இடத்தில் இது அவர் கண்ணில் பட்டது. எண்ணத் தொடங்கினார். 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள். மறுபடி மறுபடி பிறப்பிக்கப்பட்டு அவை ஓராண்டிலிருந்து 14 ஆண்டுகள் வரை உயிரோடு இருந்தன. இதையே புத்தகமாக எழுதினார்; உச்ச நீதிமன்றத்துக்கும் போனார்.

வழக்கில் ஒரு சுற்றறிக்கை வெளிவந்தது. கூட்டத்தொடர் முடிந்ததும் சட்டமன்ற விவகாரத் துறை எல்லாத் துறைச் செயலாளர்களுக்கும் அனுப்புவது. காலாவதியாவதற்குள் உங்கள் துறையின் அவசரச் சட்டங்களைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று அது நினைவூட்டியது. திருத்தம் ஏதும் இல்லையென்றால் அமைச்சரவை ஒப்புதலும் வேண்டாம் என்றது! சட்டமியற்றுவது அங்கே குமாஸ்தா வேலையாகச் சுருங்கியிருந்தது.

1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, இது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. இண்டர்மீடியட் கல்வி மன்றம் குறித்த அவசரச் சட்டம் ரத்தானது. வாத்வாவுக்கு 10,000 ரூபாய் வழக்குச் செலவு தரச் சொன்னது. ஆனால் அவைக்கு வேலைப்பளு மிகுந்து நேரமில்லாமல் போனால் மறுபடி பிறப்பிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சந்தும் விட்டுவைத்தது.

தீர்ப்பின் ஈரம் காய்வதற்குள், 1989இல், அதே பீகார் 429 தனியார் சமஸ்கிருதப் பள்ளிகளை அவசரச் சட்டத்தால் ஏற்றெடுத்தது. அதைத் தொடர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக அவசரச் சட்டங்கள். கடைசியானது 1992 ஏப்ரலில் காலாவதியானது, எதுவும் சட்டமாகவில்லை. தங்களை அரசு ஊழியர்கள் என்று நம்பியிருந்த ஆசிரியர்களின் நிலை என்ன? அவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2017 ஜனவரியில்தான் ஏழு நீதிபதிகள் அமர்வின் விடை வந்தது: அவையில் வைப்பது கட்டாயம், காலாவதியான அவசரச் சட்டத்திலிருந்து நிலையான உரிமை தானாகப் பிறக்காது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி வாங்கிய சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்பதே ஆசிரியர்களுக்குக் கிடைத்த ஆறுதல்.

மெதுவான அவையைவிட, பெரும்பான்மை இல்லாத அவைதான் அரசுகளை இந்தக் குறுக்குவழிக்குத் தள்ளுகிறது. 2015இல் நிலம் கையகப்படுத்தும் சட்டத் திருத்தம் மக்களவையைத் தாண்டியது; மாநிலங்களவையில் அரசுக்கு வாக்குகள் போதவில்லை. நடைமுறையில் இருந்த அவசரச் சட்டம் ஏப்ரல் தொடக்கத்தில் காலாவதியாக வேண்டும். இரு அவைகளும் கூட்டத்தொடரில் இருக்கும்போது புதிதாகப் பிறப்பிக்க முடியாது. எனவே பட்ஜெட் தொடரின் இடைவேளையிலேயே மாநிலங்களவையின் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது. சில நாட்களில் அவசரச் சட்டம் இரண்டாம் முறையாக வந்தது. மே மாத இறுதியில் மூன்றாம் முறை. விவசாயிகளின் எதிர்ப்பு ஓயாததால் ஆகஸ்ட் முடிவில் அதை அப்படியே காலாவதியாக விட்டார்கள்.

நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்கு ஆண்டுகள் ஆகும். ஆளுநரின் பேனா நின்றால் உடனே விளைவு தெரியும். 2022 ஆகஸ்டில் கேரள ஆளுநர் ஆரிஃப் முகமது கான், புதுப்பிக்கக் கேட்டு வந்த 11 அவசரச் சட்டங்களில் கையெழுத்திட மறுத்தார். நியமிக்கப்பட்டவர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை மறிப்பது சரியா என்பது தனி வழக்கு. பதினொன்றும் ஆகஸ்ட் 8 அன்று காலாவதியாயின. அதே மாதம் 22ஆம் தேதி கேரள அரசு சட்டமன்றத்தைக் கூட்டி, அவற்றுக்குப் பதிலான மசோதாக்களை விவாதத்துக்குக் கொண்டுவந்தது.