அசல் செலவுக்கும் ஜி.எஸ்.டி.யா?

திருநெல்வேலியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை வெளிநாட்டிலிருந்து ஒரு கருவி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டி தூத்துக்குடி துறைமுகத்துக்கு வந்துவிட்டது. அதை வெளியே எடுக்கும் வேலை ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவர் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்கிறார், மருத்துவமனையின் பெயரில் சுங்க வரி கட்டுகிறார், கப்பல் கம்பெனிக்குப் பணம் கட்டி டெலிவரி ஆர்டர் வாங்குகிறார், கன்டெய்னர் யார்டின் கட்டணத்தையும் செலுத்துகிறார். ஒரு வாரம் கழித்து அவருடைய பில் வருகிறது.

அதில் ஏஜென்சி கட்டணம் 12,000 ரூபாய். தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்குமாக அவருடைய ஆள் அலைந்த செலவு, சாப்பாடு, ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 2,500. சுங்க வரி 1,40,000. கன்டெய்னர் யார்டு கட்டணம் 18,000, அதற்கு அந்த யார்டு போட்ட ஜி.எஸ்.டி. 3,240, ஆக 21,240. கப்பல் கம்பெனியின் டெலிவரி ஆர்டர் கட்டணம் வரியோடு சேர்த்து 7,080.

இந்தத் தொகைகளில் எவற்றுக்கு ஏஜென்ட் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போடலாம்? சரியான பதில், முதல் இரண்டுக்கு மட்டும். 14,500 ரூபாய்க்கு 2,610 ரூபாய் வரி. மற்ற மூன்றும் சேர்ந்த 1,68,320 ரூபாய் வரி இல்லாமல், கட்டியது கட்டியபடி திரும்ப வாங்கப்பட வேண்டும். மருத்துவமனை தர வேண்டியது மொத்தம் 1,85,430.

ஆனால் ஏஜென்டின் கணக்காளர் எல்லாவற்றையும் கூட்டி அடியில் ஒரே வரியாக 18 சதவீதம் போட்டுவிட்டால், பில் 30,297 ரூபாய் 60 காசு கூடிவிடுகிறது. அதில் 25,200 ரூபாய் சுங்க வரியின் மேல் விழுந்த ஜி.எஸ்.டி. அரசுக்குக் கட்டிய வரிக்கே மறுபடி ஒரு வரி. மீதி ஐயாயிரத்துச் சொச்சம், யார்டும் கப்பல் கம்பெனியும் ஏற்கெனவே ஜி.எஸ்.டி. போட்டு வாங்கிய தொகையின் மேல் இன்னொரு தடவை விழுந்தது.

வாங்குபவர் ஜி.எஸ்.டி. பதிவுள்ள வியாபாரியாக இருந்தால் இந்த முப்பதாயிரத்தை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்வார். பணம் சில வாரங்கள் முடங்கும், அவ்வளவுதான். மருத்துவமனைக்கு அந்த வழி இல்லை. சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால், சிகிச்சைக்காக வாங்கும் கருவிக்கும் சேவைக்கும் கட்டிய வரியை அது திரும்ப எடுக்க முடியாது. பதிவே இல்லாத தனிநபருக்கும் இதே நிலைதான். அவர்களுக்கு இது முழுக்க முழுக்கக் கைநஷ்டம். பில்லில் இந்தப் பிரிவினை சரியாக இருக்கிறதா என்று அதிகம் கவலைப்பட வேண்டியவர்கள் இவர்களே. நடப்பில் பில்லை வரிவரியாகப் பார்ப்பவர்களோ, வரியைத் திரும்ப எடுக்கக்கூடிய பெரிய கம்பெனிகளின் கணக்காளர்கள்தான்.

இந்த விலக்குக்கு ஆதாரம் 2017ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் உள்ள 33ஆம் விதி. வாடிக்கையாளர் சார்பில் மூன்றாம் நபருக்குப் பணம் கட்டுகிறவரை அது ‘ப்யூர் ஏஜென்ட்’ என்கிறது. அப்படிக் கட்டிய பணம் அவருடைய சேவையின் மதிப்பில் சேராது. விதியே ஓர் உதாரணமும் தருகிறது. கம்பெனி தொடங்கித் தரும் ஒரு நிறுவனம், கம்பெனிப் பதிவாளருக்குக் கட்ட வேண்டிய பதிவுக் கட்டணத்தையும் பெயர் ஒப்புதல் கட்டணத்தையும் தன் கையிலிருந்து கட்டி, பிறகு வாடிக்கையாளரிடம் வாங்கிக்கொள்கிறது. அந்தக் கட்டணங்கள் சட்டப்படி புதிய கம்பெனியின் மேல் விழுபவை. கட்டித் தந்தவர் வெறும் கைதான். ஆகவே அவருடைய கட்டணத்துக்கு மட்டும் வரி.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழி தவறுகிறார்கள். ‘ஆக்சுவல்ஸ்’ என்று எழுதி, லாபம் வைக்காமல், ரசீதும் இணைத்துவிட்டால் அந்தத் தொகைக்கு வரி இல்லை என்று நினைக்கிறார்கள். லாபம் வைக்காதது ஒரு நிபந்தனை மட்டுமே. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி, அது யாருடைய செலவு என்பது.

சென்னையிலிருந்து ஓர் ஆடிட்டர் கோவைக்கு வந்து தணிக்கை செய்கிறார். ரயில் டிக்கெட்டும் விடுதி வாடகையும் ஒரு பைசா கூட்டாமல் பில்லில் தனியாகக் காட்டுகிறார், ரசீதும் இருக்கிறது. ஆனாலும் அதற்கு வரி உண்டு. ரயிலில் வந்தவர் அவர், விடுதியில் தங்கியவர் அவர். தன் வேலையைச் செய்து முடிக்க அவருக்கு அந்தப் பயணம் தேவைப்பட்டது. வாங்கிய சேவையைத் தன் சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 33ஆம் விதி சொல்கிறது. சட்டத்தின் 15ஆம் பிரிவும், சேவையை ஒட்டி வசூலிக்கும் உபசெலவுகளை மதிப்பில் சேர்க்கச் சொல்கிறது. தூத்துக்குடி பில்லில் அந்த 2,500 ரூபாயை ஏஜென்சி கட்டணத்தோடு சேர்த்ததற்குக் காரணம் இதுதான். சுங்க வரி அப்படியல்ல. அது இறக்குமதி செய்தவரின் கடன். ஏஜென்ட் நடுவில் இல்லாவிட்டாலும் மருத்துவமனை அதைக் கட்டியே தீர வேண்டும்.

பழைய சேவை வரிக் காலத்து நினைவில் சிலர் இதை மறுப்பார்கள். அந்த நினைவு தவறல்ல. திரும்பப் பெறும் செலவுகளையும் சேவையின் மதிப்பில் சேர்க்கச் சொன்ன விதி செல்லாது என்று ‘இன்டர்கான்டினென்டல் கன்சல்டன்ட்ஸ்’ வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது, உச்ச நீதிமன்றமும் 2018 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஆனால் அது பழைய சட்டத்தைப் பற்றிய தீர்ப்பு. அதற்குள் 2015 மே மாதத்திலேயே சட்டம் திருத்தப்பட்டு, அத்தகைய செலவுகள் மதிப்பில் சேர்க்கப்பட்டுவிட்டன. ஜி.எஸ்.டி.யிலும் அதே நிலைதான் தொடர்கிறது. இன்று அந்தத் தீர்ப்பைக் காட்டி ரயில் டிக்கெட்டுக்கு வரி இல்லை என்று வாதாட முடியாது.

செலவு வாடிக்கையாளருடையதுதான் என்றாலும், காகிதம் அப்படிச் சொல்ல வேண்டும். என் சார்பில் இன்னின்ன தொகைகளைக் கட்டுங்கள் என்று வாடிக்கையாளர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அந்தத் தொகைகள் பில்லில் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ‘கிளியரிங் செலவு மொத்தம் 45,000’ என்று ஒரே தொகையாகப் பேசி முடித்தால், உள்ளே எவ்வளவு துறைமுகத்துக்குப் போனாலும் முழுத் தொகையும் சேவைக் கட்டணம்தான்.

அடுத்து, மூன்றாம் நபர் கொடுத்த ரசீதில் யார் பெயர், யார் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது என்று பாருங்கள். யார்டின் ரசீது மருத்துவமனையின் பெயரில் இருந்தால் சிக்கல் இல்லை. ஏஜென்ட் 21,240 கட்டினார், 21,240 வாங்கிக்கொண்டார். ரசீது ஏஜென்டின் பெயரில் இருந்தால் அவருக்கு ஒரு நேர்வழி உண்டு. யார்டு போட்ட 3,240 ரூபாய் வரியை அவர் உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொண்டு, 18,000 ரூபாயைத் தன் சேவைக் கட்டணத்தோடு சேர்த்து அதற்கு 18 சதவீதம் போடலாம். அப்போதும் மருத்துவமனைக்கு அந்த இனத்தில் 21,240தான் ஆகும். வரி உள்ள சேவை என்றால், ‘அசல் செலவு’ என்று காட்டினாலும் ‘கட்டணத்தின் பகுதி’ என்று காட்டினாலும் ஒழுங்காகச் செய்தால் கணக்கு ஒன்றாகவே முடியும். சுங்க வரி, அரசுப் பதிவுக் கட்டணம் போல ஜி.எஸ்.டி. இல்லாத தொகைகளில்தான் இரண்டுக்கும் நடுவே 18 சதவீதம் வித்தியாசம் விழுகிறது.

தப்பு நடப்பது இரண்டையும் கலக்கும்போது. 3,240 ரூபாயை வரவாகவும் எடுத்துக்கொண்டு, வாடிக்கையாளரிடம் ‘ஆக்சுவல்ஸ்’ என்று 21,240 வாங்கினால், ஏஜென்டுக்கு உண்மையில் ஆன செலவு 18,000தான். கூடுதலாக வந்த பணம் அவருடைய லாபம். செலவான தொகையை மட்டுமே வாங்கினார் என்ற நிபந்தனை அங்கே உடைந்துவிடுகிறது. ரசீதின் நகலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள ஜி.எஸ்.டி. எண்ணைப் பார்த்தாலே வாடிக்கையாளருக்கு இது தெரிந்துவிடும்.

லாரி வாடகை 14,000 கொடுத்துவிட்டு 16,000 என்று போடுவதும் இதே வகைதான். கூட்டிய 2,000 ரூபாய்க்கு மட்டும் வரி கட்டித் தப்பித்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. அந்த இனத்துக்கு ப்யூர் ஏஜென்ட் என்ற தகுதியே போய்விடும், 16,000 முழுவதும் சேவைக் கட்டணமாகிவிடும். கூட்டி வாங்குவது குற்றமல்ல, அது வியாபாரம். ஆனால் அதை வெளிப்படையாகக் கட்டணம் என்று காட்டி வரி போட வேண்டும்.

துறைமுகத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு கடைக்காரருக்கும் இந்த விதி பொருந்தும். வணிக வளாகத்தில் கடை எடுத்திருக்கிறார். வாடகையோடு மின் கட்டணத்தையும் வளாகத்துக்காரரே வாங்குகிறார். வாடகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, மின்சாரத்துக்குக் கிடையாது. இதைப் பற்றிய குழப்பத்துக்கு 2023 அக்டோபர் 31 அன்று வெளிவந்த 206ஆம் எண் சுற்றறிக்கை விளக்கம் தந்தது. வாடகையோடு சேர்த்து மின்சாரம் கொடுத்தால் அது வாடகைச் சேவையின் ஒரு பகுதி, வாடகைக்குரிய வரியே அதற்கும். ஆனால் மின் வாரியம் தன்னிடம் வாங்கும் அதே தொகையை அப்படியே கடைக்காரரிடம் வசூலித்தால், உரிமையாளர் ப்யூர் ஏஜென்டாகவே கருதப்படுவார், வரி இல்லை. யூனிட்டுக்கு ஒரு ரூபாய் கூட்டி வசூலிக்கும் வளாகமோ, மீட்டர் பார்க்காமல் மாதம் இவ்வளவு என்று வாங்கும் வளாகமோ இந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

தவறாக வரி போட்ட பில் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தால், பில் கொடுத்தவரிடம் கிரெடிட் நோட் கேட்கலாம். அதிகமாகப் போட்ட வரியை உங்களிடம் திருப்பித் தந்துவிட்டு, அவர் தன் வரிக் கணக்கில் அதைக் குறைத்துக்கொள்ளச் சட்டத்தின் 34ஆம் பிரிவு வழி செய்கிறது. அதற்குக் கெடு உண்டு. பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது அவர் ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் நாள், இவற்றில் எது முந்தியோ அதற்குள் அந்தக் கிரெடிட் நோட்டை அவர் தன் ரிட்டர்னில் காட்டியாக வேண்டும்.