சம்பளம் 30ஆம் தேதி, கெடு மட்டும் ஏன் 25?

"சார், நான் 24ஆம் தேதியே டைம்ஷீட் போட்டுட்டேனே, எப்படி ரெண்டு நாள் லாஸ் ஆஃப் பே வந்துச்சு?"

ஒரு சிறிய அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்த்த காலத்தில் மாதாமாதம் கேட்ட கேள்வி இது. கேட்டவர் பொய் சொல்லவில்லை. அவர் போட்டிருந்தார், மேனேஜர் பார்க்கவில்லை. திரையில் Submitted என்று இருந்தது. சம்பள மென்பொருளோ Approved என்று இருப்பதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். வெளியூர் வேலைக்குப் போனவருக்கு ஆபீஸில் விரல்ரேகைப் பதிவும் இருக்காது. ஆக, அந்த ரெண்டு நாளும் அவர் வரவே இல்லை என்று கணக்காகிவிடும்.

எவ்வளவு போகும்? மொத்தச் சம்பளம் 24,000, அதில் அடிப்படை 12,000, மாதத்துக்கு 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 800, ரெண்டு நாளுக்கு 1,600 ரூபாய் குறையும். அடிப்படையிலும் 800 குறைவதால் 12 சதவீத பி.எஃப். பிடித்தம் 96 ரூபாய் குறையும். கைக்கு வருவதில் 1,504 ரூபாய் துண்டு விழும். அந்தப் பயணத்தில் லாட்ஜுக்கும் பஸ்ஸுக்கும் கைக்காசு 1,850 போட்டிருந்து, செலவு பில்லையும் அதே மேனேஜர் பார்க்காமல் விட்டிருந்தால் மொத்தம் 3,354. வாடகை கொடுக்கிற வாரத்தில் இது சின்னத் தொகை இல்லை. அடுத்த மாதம் அரியராக வரும், உண்மைதான். ஆனால் வீட்டுக்காரர் அதுவரை பொறுப்பாரா?

"ஒரு நாள் லேட்டானா என்ன சார், கையால சேர்த்துட வேண்டியதுதானே?" என்பார்கள். ஒருவருடைய நாள்கணக்கு மாறினால் அவருடைய பி.எஃப்., வருமான வரிப் பிடித்தம், மொத்தப் பட்டியலின் கூட்டுத்தொகை, வங்கிக்கு அனுப்பும் கோப்பு எல்லாமே மாறும். முதலாளி கையெழுத்துப் போட்ட பட்டியலைத் திரும்பப் போட வேண்டும். நடுவில் ஒரு சனி, ஞாயிறு வந்தால் அந்த ஐந்து நாள் மூன்றாகிவிடும்.

பில் இல்லாத செலவு இன்னொரு சிக்கல். பில்லோடு வந்தால் அது உங்கள் காசைத் திருப்பித் தருவது. பில் இல்லாவிட்டால் அதைச் சம்பளமாகக் கருதி வரி பிடிக்க வேண்டி வரலாம்.

"அனைவரும் 25க்குள் அனுப்பவும்" என்று எல்லாருக்கும் ஒரே மெயில் போட்டுப் பார்த்தேன். யாரும் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ரெண்டு தேதி வைத்தேன்: ஊழியர் போட 22, மேனேஜர் பார்த்து முடிக்க 24. 23ஆம் தேதி காலையில் Submitted என்று நிற்பவர்களின் பெயர்களை எடுத்து, அவரவர் மேனேஜருக்கு மட்டும் இப்படி எழுதினேன்: "உங்கள் ஒப்புதலுக்காக 3 பேருடைய டைம்ஷீட்டும் 2 செலவு பில்லும் நிற்கின்றன. நாளை மாலைக்குள் பார்க்காவிட்டால் இவர்களுக்கு இந்த மாதம் பணம் குறையும்."

அதன்பிறகு அந்தக் கேள்வியோடு வருபவர்கள் குறைந்தார்கள். நீங்கள் ஊழியர் என்றால் போட்டதோடு விடாதீர்கள். 24ஆம் தேதி ஒருமுறை திறந்து, Approved என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.