அப்ரைசல் ரேட்டிங்கை மறுத்து எழுதும்போது

அப்ரைசல் முடிவு திரையில் வந்ததும் பலர் முதலில் செய்வது, ‘அக்னாலெட்ஜ்’ பொத்தானை ஆத்திரத்தில் அழுத்தாமல் விடுவது. அதில் பயனில்லை. பெரும்பாலான நிறுவனங்களில் அந்தப் பொத்தானுக்கு ‘பார்த்துவிட்டேன்’ என்பதைத் தாண்டிப் பொருள் கிடையாது. உங்கள் நிறுவனத்திலும் அப்படித்தானா என்பதை எச்.ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்தில் இருக்கும் கமென்ட் பெட்டியில், “பார்த்தேன், ரேட்டிங்கில் எனக்கு உடன்பாடில்லை, விவரம் தனியே அனுப்புகிறேன்” என்று ஒரு வரி எழுதிவிட்டு அழுத்துங்கள். கடிதத்தை அன்றே அனுப்பவேண்டாம். ஆனால் முறையீட்டுக்குக் கடைசித் தேதி என்ன என்பதை அன்றே பார்த்துவிடுங்கள்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு இந்தக் கெடு 15 நாள். அந்த உரிமை எளிதில் வந்துவிடவில்லை. எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் இருந்த தேவ் தத் என்பவருக்கு 1993-94ஆம் ஆண்டு ‘நன்று’ என்ற மதிப்பீடு கிடைத்தது. பதவி உயர்வுக்கோ ‘மிக நன்று’ வேண்டியிருந்தது. அந்த மதிப்பீடு அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. மதிப்பீடு நல்லதோ கெட்டதோ, ஊழியருக்குத் தெரிவித்து முறையிட வாய்ப்புத் தரவேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் நிறுவனங்களை இத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது. அங்கே நிறுவனத்தின் சொந்த விதிமுறைதான் வழி. அதனால் அங்கு வேலை பார்ப்பவருக்குக் கடிதத்தின் தரம் இன்னும் முக்கியமாகிறது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மென்பொருள் நிறுவன டீம் லீட் ஒருவருக்கு ஐந்துக்கு 2 வந்திருக்கிறது. மேனேஜரின் குறிப்பு: “வேலைகளைக் குறித்த நேரத்தில் முடிப்பதில்லை.” அவருடைய நான்கு இலக்குகளில் இரண்டு நேரத்துக்கு முடிந்தன. பில்லிங் மாட்யூல் செப்டம்பர் 30க்குப் பதில் அக்டோபர் 21இல் முடிந்தது. புதியவர்கள் இருவருக்குப் பயிற்சி தரவேண்டிய இடத்தில் ஒருவருக்குத்தான் தந்தார்.

“ராப்பகலா உழைச்சேன், என்னைவிடக் குறைவா வேலை பார்த்தவருக்கு 4 போட்டிருக்கீங்க” என்றுதான் மனம் எழுதச் சொல்லும். அந்த வாக்கியத்துக்கு மேனேஜர் பதில் சொல்லவே வேண்டியதில்லை. அடுத்தவர் ரேட்டிங்கைப் பற்றிப் பேசமுடியாது என்று முடித்துவிடுவார். பாரபட்சம், பழிவாங்கல் போன்ற சொற்களும் அப்படித்தான். மேனேஜரின் மனதில் என்ன இருந்தது என்பதை நம்மால் நிரூபிக்க முடியாது, தேதியை நிரூபிக்கலாம். அவர் எழுதவேண்டியது ஏறக்குறைய இப்படி:

“எனது ரேட்டிங் 2 என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ‘குறித்த நேரத்தில் முடிப்பதில்லை’ என்ற குறிப்புக்கு அடிப்படை பில்லிங் மாட்யூல் என்று எண்ணுகிறேன். ஆகஸ்ட் 10 அன்று வரவேண்டிய சோதனைத் தரவை கிளையன்ட் ஆகஸ்ட் 31 அன்று தந்தார்கள். செப்டம்பர் 2 அன்று நீங்கள் அனுப்பிய மெயிலில் கெடு அக்டோபர் 21க்கு மாற்றப்பட்டது; அன்றே ஒப்படைத்தோம். மெயில்களை இணைத்திருக்கிறேன். பயிற்சி இலக்கில் ஒருவருக்குத்தான் பயிற்சி தந்தேன் என்பது சரியே. மற்ற இரண்டு இலக்குகளும் நேரத்துக்கு முடிந்தன. இதைப் பற்றி உங்களுடனும் எச்.ஆருடனும் அரைமணி நேரம் பேச விரும்புகிறேன். வரும் வியாழன் அல்லது வெள்ளி வசதிப்படுமா? குறிப்புக்கு வேறு காரணம் இருந்தால் அதையும் அறிய விரும்புகிறேன்.”

பயிற்சியில் இருந்த குறையை ஒப்புக்கொண்ட வரியை நீக்கிவிடத் தோன்றும். நீக்காதீர்கள். அது இருப்பதால்தான் மற்ற வரிகளை எச்.ஆர் நம்பிப் படிப்பார். கடைசிக் கேள்வியும் அவசியம். பல நிறுவனங்களில் மேனேஜர் தரும் ரேட்டிங்கை மேலே ஒரு குழு உட்கார்ந்து ஏற்றி இறக்கும். 2 என்பது அவர் போட்டதா, மேலே குறைத்ததா என்பது பேச்சில்தான் தெரியவரும். குழு குறைத்திருந்தால் மேனேஜரே உங்கள் பக்கம் பேசக்கூடும். காரசாரமாக எழுதியிருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

இன்னொன்று: ஆதாரத்துக்காக அலுவலக மெயில்களைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். பல இடங்களில் அது தகவல் பாதுகாப்பு விதி மீறல். ரேட்டிங் பிரச்சினை ஒழுங்கு நடவடிக்கையாக மாறிவிடும். அலுவலக மெயிலிலேயே இணைத்து அனுப்பினால் போதும்.

பேச்சு முடிந்த அன்றே, யார் என்ன சொன்னார்கள், எதற்குள் பதில் தருவார்கள் என்று நாலு வரி மெயில் போட்டுவிடுங்கள். சம்பள உயர்வுப் பட்டியல் முடிந்துவிட்டால் ரேட்டிங் மாறுவது கடினம். அப்போதும் குறிப்பைத் திருத்தும்படியோ, உங்கள் மறுப்பை அதே கோப்பில் சேர்க்கும்படியோ கேளுங்கள். அடுத்த ஆண்டு புது மேனேஜர் வந்தால் அவர் முதலில் படிப்பது அந்தக் குறிப்பாகத்தான் இருக்கும்.